ஃபாரெக்ஸ் கார்டுல எந்த நாட்டு பைசா போடணும்? வந்த கேள்வி மூணு

மார்த்தாண்டத்துல இருந்து ஒரு அப்பா: எனக்க மவ ஜெர்மனியில படிக்கா. டாலர் எங்கயும் செல்லும்னு சொன்னாவ, வெளிநாட்டு பைசாவ முன்கூட்டியே ஏத்தி வைக்குற ஃபாரெக்ஸ் கார்டுல 2,000 டாலர் போட்டு குடுத்தேன். பைசா கரையுதுங்கா, ஏன்?

அண்ணே, டாலர் செல்லும், ஆனா ஒவ்வொரு தடவயும் கூலி எடுத்துட்டுதான் செல்லும். ரூபாய குடுத்து டாலர் வாங்குனப்பவே ஒரு விலை வித்தியாசம் போச்சு, இப்ப மவ யூரோவுல தேய்க்கும்போது டாலர யூரோவா மாத்த இன்னொரு பிடித்தம், கட்டணப் பட்டியல்ல கிராஸ் கரன்சின்னு ஒரு வரி கிடக்கும் பாருங்க, நிறைய கார்டுல 2ல இருந்து 3.5 சதவீதம் வரை. மாசம் 600 யூரோ செலவுன்னா 3.5 சதவீதத்துக்கு 21 யூரோ, ஒரு யூரோவ நூறு ரூபான்னு வச்சாலே 2,100 ரூபா, ஒரு சாதனமும் வாங்காம போவுது.

சந்தேகம்னா மவகிட்ட ஒரு கடை ரசீத எடுக்க சொல்லுங்க. ரசீதுல 20 யூரோன்னா கார்டு ஆப்ல எத்தன டாலர் போச்சுன்னு பாத்து, அன்னைக்குள்ள ரேட்டோட ஒத்துப் பாத்தா பிடித்தம் எவ்வளவுன்னு தெரிஞ்சிரும்.

மீதி டாலர ஆப்லயே யூரோவா மாத்தலாம்னு அவசரப்படாதீங்க, அதுக்கும் பல கார்டுல கட்டணம் உண்டு. டாலர்ல கட்டுற பரீட்ச ஃபீஸ் ஏதாவது இருந்தா அதுக்கு வச்சுக்கட்டும். அடுத்து ரீலோடு பண்ணும்போது ஃபார்ம்ல யூரோன்னு எழுதி, யூரோ வாலட்டுலதான் ஏறுதான்னு கவுண்டர்ல வாய்விட்டு கேட்டுருங்க.

கருங்கல் பையன், இப்ப லெஸ்டர்ல: பவுண்டுதான் போட்டிருக்கேன், கடை மெஷின்ல GBP, INR ரெண்டுல எதுன்னு கேக்குது?

GBP அமுக்கு மக்கா, எப்பவும். கார்டு இந்தியாவுல குடுத்ததுன்னு பாத்துட்டு அது ரூபாய நீட்டுது. INR அமுக்குனா பவுண்டு ரூபாயாவும், அந்த ரூபா உனக்க கார்டுல உள்ள பவுண்டாவும் மாறும், ரெண்டு தடவயும் நஷ்டம் உனக்குதான். ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும்.

குலசேகரத்துல இருந்து ஒரு அம்மா: மவன் லண்டன் போய் ஒரு மாசம் ஆச்சு. கார்டு போதுமா, பல நாட்டு பைசாவ வச்சுக்குற மல்டி கரன்சி அக்கவுண்டும் வேணுமா?

அக்கா, கார்டு முதல் சில வாரத்துக்குள்ளது. பார்ட் டைம் சம்பளம் வாங்க அவனுக்க பேர்ல அக்கவுண்ட் நம்பர் வேணும், ப்ரீபெய்டு கார்டுல அது கிடையாது. அங்கத்த அட்ரஸ், பாஸ்போர்ட், விசா இருந்தா பல மல்டி கரன்சி அக்கவுண்டு போன்லயே திறந்துரலாம். ஆனா அந்த கம்பெனிக்கு பேங்க் லைசென்ஸ் உண்டான்னு பாக்க சொல்லுங்க, இல்லாததுல டெபாசிட் இன்சூரன்ஸ் கிடையாது, அதனால வருஷ படிப்பு ஃபீஸ் மொத்தத்தையும் அதுல கிடத்தாம மாச செலவுக்குள்ளத மட்டும் வச்சா போதும்.

இன்னொண்ணு, படிக்க போன பிள்ளைங்கள 2003ல இருந்தே ரிசர்வ் வங்கி என்ஆர்ஐயாத்தான் பாக்குது, அதனால அவனுக்க ஊர் சேவிங்ஸ் அக்கவுண்ட என்ஆர்ஐக்குள்ள என்ஆர்ஓ அக்கவுண்டா மாத்த பேங்குல எழுதிக் குடுங்க.