கர்ப்ப காலத்தில் காற்று மாசு: குழந்தையின் எடை குறையுமா?

கேள்வி: மனைவிக்கு ஐந்தாம் மாதம். வீடு பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது. காற்று மாசால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் என்கிறார்களே, உண்மையா? இப்போதைக்கு வீடு மாற முடியாது. என்ன செய்யலாம்?

உண்மைதான். ஆனால் எவ்வளவு குறையும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

2008 ஒலிம்பிக் சமயத்தில் பெய்ஜிங்கில் ஆலைகளையும் வண்டிகளையும் கட்டுப்படுத்தி, சில வாரங்களுக்குக் காற்றைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அந்த வாரங்களில் எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளை, 2007-லும் 2009-லும் அதே தேதிகளில் எட்டாம் மாதத்தில் இருந்தவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சுத்தமான வாரங்களின் குழந்தைகள் சராசரியாக 23 கிராம் எடை அதிகம் இருந்தார்கள்.

அவ்வளவுதானா என்று தோன்றும். ஈர டயப்பர்கூட அதைவிடக் கனம். 3 கிலோ குழந்தைக்கு அது கணக்கிலேயே வராது. ஆனால் 2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால்தான் 'எடை குறைவு' என்பது கணக்கு. ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை என்று ஏற்கெனவே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் மாசு கீழே தள்ளிவிடுகிறது. அதனால் ஏர் பியூரிஃபையர் வாங்கும் முன் ஹீமோகுளோபினையும் ரத்த அழுத்தத்தையும் சரியாகக் கவனிக்கிறீர்களா என்று பாருங்கள். எடைக்கு அவைதான் பெரிய காரணங்கள்.

முக்கிய வில்லன் பி.எம் 2.5 எனப்படும் நுண்துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் ஆழம்வரை போய் உடலில் அழற்சியைத் தூண்டுகிறது, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைப் பாதிக்கிறது. 2019-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியில், அதுவும் குழந்தையின் பக்கத்திலேயே, கரித்துகள்களைப் பார்த்தார்கள்.

இன்னொன்று. ஸ்கேனில் சொல்லும் எடையே பத்து சதவீதம் அல்லது அதற்கு மேலும் முன்னே பின்னே இருக்கலாம். எனவே அடுத்த ஸ்கேனில் 100 கிராம் குறைவாகத் தெரிந்தால் சாலையைத் திட்ட வேண்டாம். ஒரு எண்ணைவிட, அடுத்தடுத்த ஸ்கேன்களில் வளர்ச்சி எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் உள்ளே எரிவதை நிறுத்துங்கள். சிகரெட் யார் பிடித்தாலும் வெளியேதான். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை. என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது துகள் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். சாலைப் புகைதான் எதிரி என்று நினைத்திருந்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்ததும் 40-ல் இருந்த எண் சில நிமிடங்களில் 300-ஐத் தாண்டியது. சமைக்கும்போது வெளியே காற்றைத் தள்ளும் மின்விசிறி போட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்தினாலே பெரிய மாற்றம் தெரிந்தது.

அடுத்தது படுக்கையறை. ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் அங்கேதான். வீடு முழுக்கச் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள், அந்த ஒரு அறை போதும். பியூரிஃபையர் வாங்குவதானால் ஹெபா வடிகட்டி உள்ளதாகவும் ஓசோன் வெளிவிடாததாகவும் இருக்கட்டும். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் கொள்ளளவு 36 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை காற்று வடிகட்டப்பட வேண்டுமானால் மணிக்கு 180 கன மீட்டர். மணிக்கு எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்யும் என்று பெட்டியில் சி.ஏ.டி.ஆர் எனப் போட்டிருக்கும் எண் அதற்குக் குறையக் கூடாது. அந்த எண் முழு வேகத்துக்கானது. நாங்கள் செய்த தப்பு அதுதான்: சத்தம் பிடிக்காமல் 'ஸ்லீப்' வேகத்தில் விட்டிருந்தோம், துகள் கருவியில் எண் இறங்கவே இல்லை. பெரிய இயந்திரமாக வாங்கி நடு வேகத்தில் ஓட்டுவது நல்லது.

அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் சுமார் 540 கர்ப்பிணிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். வடிகட்டி வைத்த வீடுகளில் துகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஆனால் எல்லாப் பிரசவங்களையும் சேர்த்துப் பார்த்தபோது எடையில் தெளிவான வித்தியாசம் இல்லை. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளில் மட்டும் சராசரியாக 85 கிராம் கூடியிருந்தது.

நடைப்பயிற்சியை நிறுத்தவே வேண்டாம், சாலையை விட்டு ஓரிரு தெரு உள்ளே தள்ளிப் போனாலே வண்டிப் புகை கணிசமாகக் குறையும். மாசு அதிகமான நாளில் வெளியே போயே ஆகவேண்டும் என்றால் துணி முகக்கவசம் உதவாது, முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 வேண்டும். மூச்சு முட்டினால் கழற்றிவிடச் சொல்லுங்கள். சாலைப் பக்க ஜன்னலை நெரிசல் நேரத்தில் மூடி, போக்குவரத்து அடங்கியதும் திறங்கள். குழந்தை வேகமாக எடை போடுவது கடைசி மூன்று மாதங்களில்தான், ஐந்தாம் மாதத்தில் இருக்கும் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.