மெயிலில் கல்யாணப் பேச்சு வேண்டாம்

"அக்கவுண்ட்ஸ் வேலை இன்டர்வியூவில் 'கல்யாணம் எப்போது, அதுக்கப்புறம் வேலைக்கு வருவீங்களா' என்று கேட்டார்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது நன்றி மெயிலில் விளக்கம் சொல்லலாமா?"

சொல்லலாம், ஆனால் கல்யாணம் என்ற சொல்லே அதில் வரக்கூடாது. 'ரெண்டு வருஷத்துக்கு இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், யாரும் கேட்காத வாக்குறுதி அது, எழுத்தில் வேறு இருக்கும். அவர்கள் பயம் பெரும்பாலும் மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்தில் ஆள் இல்லாமல் போய்விடுமோ என்பதுதான், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நன்றிக்கு அப்புறம் இப்படி ஒரு பத்தி போதும்:

"வேலையில் தொடர்வது பற்றிக் கேட்டீர்கள். இந்தப் பொறுப்பை நீண்டகாலம் செய்யும் எண்ணத்தில்தான் விண்ணப்பித்தேன். இப்போதைய வேலையில் மாதாமாதம் GSTR-2B-யைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைச் சப்ளையரிடம் கேட்டு வாங்கி, கெடுவுக்கு முன்பே ரிட்டர்ன் போடுவது என் பொறுப்பு."

இதில் உங்களுக்குப் பொருந்தாததை மாற்றிக்கொள்ளுங்கள். 'அந்தக் கேள்வி தவறு' என்று இந்த மெயிலிலேயே பாடம் எடுக்க வேண்டாம், வேலை வேண்டும் என்றால். திரும்பவும் அதையே கேட்டு மெயில் வந்தால், "சொந்த விஷயங்கள் வேலையைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்வேன், வேலை பற்றி வேறு விவரம் வேண்டுமானால் தருகிறேன்" என்று ஒரே வரி. மூன்றாவது முறையும் கேட்டால் அந்த இடமே வேண்டாம் என்பேன்.