நீலம் கேட்டவருக்குக் கறுப்பு போனது ஏன்? - கடைக்காரர் கேள்வி பதில்

*ரீசேட் விற்கிறேன். நீலம் கேட்பவருக்கு அடிக்கடி கறுப்பு போய்விடுகிறது. பொதி கட்டும் பிள்ளைகளைக் கடிந்தும் பயனில்லை.*
- நெல்லியடி வாசகர்

பிள்ளைகளை விட்டுவிடுங்கள், பிழை குறியீட்டில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் TSBLM என்று இருக்கிறது. அந்த BL நீலமா, கறுப்பா? எழுதிய உங்களுக்குத் தெரியும். இரவு எட்டு மணிக்குக் குழல் விளக்கின் கீழ் பொதி கட்டுபவருக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே தோன்றும்.

நிறத்துக்கு மூன்று எழுத்து வையுங்கள்: BLK, BLU, NVY. மாதிரி, நிறம், அளவு என்ற வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்:

```
TS07-BLK-M
TS07-BLU-M
TS07-NVY-M
```

மூன்று நிறம், நான்கு அளவு என்றால் பன்னிரண்டு குறியீடுகள். இருப்பையும் பன்னிரண்டு வரிகளாகவே எழுத வேண்டும். "TS07 - 40" என்று ஒரே வரியில் வைத்திருந்தால், நீல M தீர்ந்த பிறகும் அதற்கு ஓடர் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். பிறகு, "இருப்பதை அனுப்பிவிடுவோம்" என்று யாரோ ஒருவர் கறுப்பைப் பொதியில் வைப்பார்.

குறியீட்டு லேபிளைத் தட்டில் மட்டும் ஒட்டினால் போதாது. ஒவ்வொரு பொலித்தீன் பையிலும் ஒட்டுங்கள். பொதி கட்டுபவர் துணியின் நிறத்தைப் பார்க்கவே வேண்டாம். லேபிளையும் ஓடர் சீட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் போதும்.

*சிறுவர் உடுப்புகளுக்கு 3-4, 5-6 என்று வயதைப் பதிந்தேன். எக்செலில் அவை திகதியாக மாறிவிட்டன.*
- சுன்னாகம் வாசகி

எக்செலின் பழைய குறும்பு இது. 3-4 என்பதைத் திகதி என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு அந்தக் கட்டத்தை Text ஆக்கினால் ஐந்து இலக்க எண் ஒன்றுதான் தெரியும். நீங்கள் பதிந்தது மீளாது. தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நிரலை Text ஆக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் CSV ஆகச் சேமித்து மறுபடி இரட்டைச் சொடுக்கில் திறந்தால் திகதி திரும்ப வந்துவிடும். ஆகவே அளவின் பெயரையே மாற்றுங்கள்: 3Y4, 5Y6. இதில் எக்செல் கை வைக்காது. முழுக் குறியீட்டை எழுத்தில் தொடங்குவதும் நல்லது. 0712 என்று வெறும் எண்ணாக இருந்தால் முன்னாலுள்ள பூச்சியம் காணாமல் போகும்.

*விற்று முடிந்த மாதிரியின் குறியீட்டைப் புதியதற்குக் கொடுக்கலாமா?*
- இருபாலை வாசகர்

வேண்டாம். நல்லூர்த் திருவிழாவுக்கு விற்ற பாவாடை அளவு போதாமல் திரும்பி வரும்போது, அதன் லேபிளில் உள்ள குறியீடு இப்போது வேறொரு சட்டையினுடையதாக இருக்கும். கணக்கில் அந்தச் சட்டை ஒன்று கூடும், தட்டில் இருக்காது. TS07 முடிந்தால் அடுத்தது TS08. எண்களுக்கு என்ன பஞ்சம்?