பிரேக் ஈவன் கணக்கில் நிலைச் செலவைத் தப்பாக எடுத்திருக்கிறேனா?

"விலை 50 ரூபாய், மாறும் செலவு 30, நிலைச் செலவு மாதம் 40,000. மாதம் 4,000 பெட்டி செய்வதால் பெட்டிக்கு 10 ரூபாய் நிலைச் செலவு. அப்படியானால் பங்களிப்பு 10, பிரேக் ஈவன் 4,000 பெட்டி. இது சரியா?"

சரியில்லை. லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்க 2,000 பெட்டி போதும்.

பங்களிப்பு என்பது விலையில் மாறும் செலவு மட்டும் போக மிஞ்சுவது. இங்கே 20 ரூபாய். அந்த மிச்சம்தான் சேர்ந்து சேர்ந்து நிலைச் செலவை அடைக்கிறது. நீங்கள் 10 ரூபாயை முதலிலேயே கழித்துவிட்டு, அப்புறம் 40,000-ஐயும் அடைக்கப் பார்க்கிறீர்கள். ஒரே செலவு இரண்டு தடவை வந்துவிட்டது.

வேன் பிடித்து ஊருக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். வாடகை ஒன்றுதான், தலைக்கு எவ்வளவு என்பது எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த 10 ரூபாயும் 4,000 பெட்டிக்கு மட்டுமே பொருந்தும். 2,000 செய்தால் அதுவே 20 ஆகிவிடும்.

விடையைச் சோதிக்க, அந்த எண்ணிக்கையில் லாபத்தைப் போட்டுப் பாருங்கள். 4,000 பெட்டிக்கு வரவு 2,00,000. செலவு 1,20,000-உம் 40,000-உம். 40,000 லாபம் நிற்கிறது, ஆகவே அது பிரேக் ஈவன் அல்ல. 2,000 பெட்டிக்குச் சரியாகப் பூஜ்யம் வரும்.

நிலைச் செலவு என்றால் என்றைக்கும் மாறாது என்று பலர் நினைக்கிறார்கள். உற்பத்தி கூடி இன்னொரு கொட்டகைக்கு 20,000 வாடகை கொடுக்க நேர்ந்தால், பிரேக் ஈவன் 3,000 பெட்டியாக ஏறிவிடும்.