எஞ்சின் தாமதமானால் போன மீன்பாட்டுக்கு எவ்வளவு கேட்கலாம்?

"மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். தடைக்காலத்தில் எஞ்சினைப் பட்டறையில் விட்டேன். ஜூன் 14-க்குள் தருவதாக எழுதிக் கொடுத்தவர்கள் மூன்று வாரம் கழித்துத்தான் தந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் வீதம் ஒன்பது தொழில் நாள் போச்சு. கூடுதல் விலைக்கு நண்டு எடுப்பதாகச் சொன்ன கம்பெனியும் விலகிவிட்டது. இரண்டுக்கும் நட்டம் கேட்கலாமா?"

ஒன்பது நாள் பாட்டுக்குக் கேட்கலாம். நண்டு விலைக்குக் கேட்பது கடினம். இரண்டையும் முடிவு செய்வது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73-வது பிரிவு. ஒப்பந்தம் மீறப்பட்டால் இயல்பாக வரும் நட்டமும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் அறிந்திருந்த நட்டமும் கிடைக்கும். தொலைவான நட்டம் கிடைக்காது.

தடை ஜூன் 14-ல் முடிகிறது என்பதும், எஞ்சின் இல்லாத படகு கரையில்தான் நிற்கும் என்பதும் மண்டபத்துப் பட்டறைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. ஆகவே போன பாடு இயல்பான நட்டம். நண்டுக் கம்பெனி கதை வேறு. திருவிழாவில் தைத்துச் சம்பாதிக்கலாம் என்று ரயிலில் தையல் மெஷினை அனுப்பிய தையல்காரருக்கு அது தாமதமாக வந்துசேர்ந்தது. திருவிழா லாபத்தைக் கேட்டார். அந்த நோக்கம் ரயில்வேக்குச் சொல்லப்படவில்லை என்று 1898-ல் சென்னை உயர் நீதிமன்றம் தர மறுத்தது. நீங்களும் எஞ்சினை ஒப்படைத்த நாளில் நண்டு ஒப்பந்தத்தைச் சொல்லியிருக்க வேண்டும். தாமதமான பிறகு போனில் சொல்லியிருந்தாலும் அது கணக்கில் வராது.

அடுத்தது, நட்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழி. அதையும் பார்த்தே தொகை கணக்கிட வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஓர் உதாரணக் கணக்கு: ஒரு நாள் விற்பனை 60,000 ரூபாய். டீசல், ஐஸ், சாப்பாடு 35,000. ஆட்கள் பங்கு 10,000. உங்களுக்கு நிற்பது 15,000. கேட்க வேண்டியது இதைத்தான், விற்பனைத் தொகையை அல்ல. ஒன்பது நாளுக்கு 1,35,000. ஆனால் முதல் வாரம் முடிந்ததும், நாளுக்கு 4,000 வாடகையில் பொருத்தமான எஞ்சின் ஒன்று கிடைத்தும் நீங்கள் எடுக்கவில்லை என்று வையுங்கள். முதல் மூன்று நாளுக்கு 45,000, மீதி ஆறு நாளுக்கு வாடகை அளவான 24,000, ஆக 69,000-தான் தேறும்.

வாடகை எஞ்சின் கிடைத்திருக்கும் என்று காட்டுவது பொதுவாகப் பட்டறையின் பொறுப்பு. உங்களிடம் எதிர்பார்ப்பது நியாயமான முயற்சி மட்டுமே. கடன்பட்டுப் புது எஞ்சின் வாங்க வேண்டியதில்லை. நியாயமாக முயன்று பலிக்காமல் போன செலவையும் சேர்த்துக் கேட்கலாம். யாரிடம், என்று விசாரித்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

அதே மூன்று வாரத்தில் உங்கள் படகு அளவுள்ள பக்கத்துப் படகுகள் விற்ற சீட்டுகளின் நகலை இப்போதே வாங்குங்கள். தடை முடிந்த கையோடு விழும் பாட்டை ஆண்டுச் சராசரி காட்டாது. பட்டறை தந்த ஜாப் கார்டின் பின்பக்கத்தையும் படியுங்கள்; தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருந்தால், நோட்டீஸ் விடும் முன்பே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வழக்குப் போட, ஒப்பந்தம் மீறப்பட்டதிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.