கேள்வி-பதில்: 131-க்குப் போன பங்கு 84-க்குக் கிடைத்தால் மலிவா?

கேள்வி: ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கைக் கவனித்து வருகிறேன். திரையில் கடைசி விலை 84.20, பக்கத்தில் பச்சை நிறத்தில் 6.9% ஏற்றம், நாளின் வரம்பு 78.50 – 84.20, வால்யூம் 1,340, 52 வார உச்சம் 131 என்று காட்டுகிறது. 131-க்குப் போன பங்கு 84-க்குக் கிடைப்பது மலிவுதானே? 500 பங்கு வாங்கலாம் என்றிருக்கிறேன். இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கொடுத்த எண்களில் நான் முதலில் பார்த்தது விலையை அல்ல, வால்யூமை. நாள் முழுவதும் கைமாறியவை 1,340 பங்குகள். நீங்கள் வாங்க நினைப்பதோ 500. அதாவது, ஒரு நாள் வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீங்கள் ஒருவரே கேட்கிறீர்கள். இது தெரிந்த பிறகு மற்ற எண்களின் பொருளே மாறிவிடும்.

கடைசி விலை என்பது கடைசியாக நடந்து முடிந்த ஒரு வியாபாரத்தின் விலை. அந்த விலைக்கு உங்களுக்கும் தருகிறேன் என்று யாரும் அங்கே காத்திருக்கவில்லை. உங்கள் திரையில் கடைசி விலையும் நாளின் உச்சமும் ஒரே 84.20. முந்தைய நாள் முடிவு விலை 78.75 என்றால்தான் 6.9% ஏற்றம் வரும். இவ்வளவு குறைந்த வால்யூமில், யாரோ ஒருவர் அவசரமாக இருபது பங்கு வாங்கியதாலேயே விலை 84.20-க்குத் தாவியிருக்கலாம். அந்த வியாபாரம் எப்போது நடந்தது என்பதையும் பாருங்கள். விலைக்கு அருகிலேயே சிறிய எழுத்தில் நேரம் இருக்கும். இலவசத் திரைகள் பல 15 நிமிடம் பழைய விலையைக் காட்டுகின்றன.

வால்யூமைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. சராசரி வால்யூமோடு ஒப்பிட வேண்டும். வழக்கமாக நாளுக்கு 22,000 கைமாறும் பங்கில் இன்று 1,340 என்றால், அந்தப் பச்சை நிறத்துக்குப் பின்னால் கூட்டமே இல்லை என்று பொருள். ஆனால் சந்தை தொடங்கிய அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வராதீர்கள். நாள் முடிந்தபின் பார்க்கும் வால்யூம்தான் சராசரியோடு ஒப்பிடத் தக்கது.

இனி 131. மக்களை அதிகம் மயக்கும் எண் இதுதான். கடந்த ஓராண்டில் ஏதோ ஒரு நாள் யாரோ அந்த விலை கொடுத்தார்கள் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. பங்கு அங்கிருந்து ஏறக்குறைய 36% இறங்கியிருக்கிறது. திரும்ப அங்கே போக 36% ஏறினால் போதாது, 56% ஏற வேண்டும். மலிவா என்பதை நிறுவனத்தின் லாபமும் கடனும்தான் சொல்லும், பழைய உச்சம் சொல்லாது. ஏன் இறங்கியது என்று தேடிப் படிக்காமல் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்த எண்ணிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவனம் பங்கைப் பிரித்தால் பழைய விலைகளையும் அதே விகிதத்தில் திருத்த வேண்டும். 2024 ஜூன் மாதம் என்விடியா ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தபோது, சுமார் 1,200 டாலராக இருந்த விலை 120-க்கு வந்தது. பங்கு வைத்திருந்தவர் எதையும் இழக்கவில்லை. பழைய உச்சத்தைத் திருத்தாத திரையோ 90% வீழ்ச்சி போலக் காட்டும். உங்கள் பங்கிலும் ஓராண்டுக்குள் பிரிப்பு நடந்ததா என்று நிறுவனத்தின் அறிவிப்புகளில் பாருங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் டிக்கர் குறியீட்டை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். 2020-இல் காணொலி அழைப்பு நிறுவனமான ஜூமின் பங்கு என்று நினைத்துப் பலர் `ZOOM` என்ற குறியீட்டில் வாங்கினார்கள். அது தொடர்பே இல்லாத வேறொரு சிறிய நிறுவனம். அவர்கள் தேடிய நிறுவனத்தின் குறியீடு `ZM`. குழப்பம் முற்றி, அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த ஆண்டு மார்ச்சில் `ZOOM` வியாபாரத்தைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகும் வாங்குவது என்று முடிவு செய்தால், கடைசி விலையை விட்டுவிட்டு, வாங்குவோர் தரும் விலையும் விற்போர் கேட்கும் விலையும் உள்ள பட்டியலைத் திறங்கள். அங்கே 84.50-க்கு 40 பங்கு, 86-க்கு 100 பங்கு, 89-க்கு 400 பங்கு விற்பனைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன விலையானாலும் சரி என்று கேட்கும் மார்க்கெட் ஆர்டராக நீங்கள் 500 கேட்டால் மூன்று படியையும் ஏறி, சராசரியாக 88.04 கொடுத்திருப்பீர்கள். லிமிட் ஆர்டர் போட்டு, நீங்கள் தரத் தயாராக இருக்கும் உச்ச விலையை நீங்களே எழுதுங்கள். 500-ஐயும் ஒரே நாளில் வாங்காமல் சிறு சிறு பகுதியாகப் பிரித்து வாங்குங்கள். விற்கும்போதும் இதே படிகளில்தான் இறங்க வேண்டியிருக்கும் என்பதால், வாங்குவோர் பக்கத்தில் எத்தனை பங்குக்கு ஆள் நிற்கிறது என்பதையும் வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பாருங்கள்.