சுஜோ தொழிற்சாலைக்குச் சீன மொழியில் ஒரு வேலைக் கடிதம்: கேள்வி பதில்

திருச்சிக்காரர், நாஞ்சிங்கில் இயந்திரப் பொறியியல் முதுகலை இறுதியாண்டு: அக்கா, சுஜோவில் பிளாஸ்டிக் மோல்டிங் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ப்ராசஸ் இன்ஜினியர் வேலை கேட்டுச் சீனத்தில் கடிதம் எழுதியிருக்கிறேன். நடுப்பத்தியில், "பயிற்சிக் காலத்தில் மோல்டிங் பற்றி நிறையக் கற்றேன், கடின உழைப்பாளி, பொறுப்புணர்வு மிக்கவன், கஷ்டங்களுக்கு அஞ்சாதவன்" என்று இருக்கிறது. இது போதுமா?

போதாது, தம்பி. நானும் சுஜோவில் இப்படியொரு தொழிற்சாலையில்தான் தரப் பொறியாளராக இருக்கிறேன். புதியவர்களை எடுக்கும்போது மனிதவளப் பிரிவு எங்களையும் உட்காரவைத்து விண்ணப்பங்களைப் பிரிக்கும். நீங்கள் எழுதியிருக்கும் பத்தி, இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் அப்படியே இருக்கிறது. பத்துப் பேர் அனுப்பினால் பாதிப் பேர் கடிதத்தில் அதே கடின உழைப்பாளி வந்து நிற்பார். கண் தானாகத் தாண்டிப் போய்விடும்.

பயிற்சியில் எந்தப் பாகத்தை, எந்தக் குறையோடு பார்த்தீர்கள்? அதைச் சொல்லுங்கள், பத்தியை அதிலிருந்து கட்டுவோம்.

அவரே மீண்டும்: ஒரு மூடி. உள்பக்கம் விலா இருக்கும் இடத்தில் வெளிப்பரப்பில் பள்ளம் விழுந்தது. ஹோல்டிங் நேரத்தை மூன்று வினாடியிலிருந்து ஒவ்வொரு வினாடியாக எட்டு வரை கூட்டி, ஒவ்வொரு முறையும் பாகத்தை எடை போட்டேன். ஆறு வினாடிக்கு மேல் எடை கூடவில்லை. ஆறரையில் நிறுத்தினோம். முன்பு 200 பாகத்தில் 13 கெட்டது, பிறகு 3. இதெல்லாம் சின்ன வேலைதானே என்று எழுதவில்லை.

இதுதான் உங்கள் கடிதம்! மோல்டிங் தெரிந்த எவரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். விலாவின் அடியில் பிளாஸ்டிக் தடிமனாக இருப்பதால் மேல்தோல் இறுகிய பிறகும் உள்ளே சூடாகவே இருக்கும். அது ஆறிச் சுருங்கும்போது தோலை உள்ளே இழுக்கிறது, பள்ளம் விழுகிறது. ஹோல்டிங் அழுத்தம் கூடுதல் பிளாஸ்டிக்கைத் தள்ளி அந்தச் சுருக்கத்தை ஈடு செய்யும். ஆனால் பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயிலான கேட் உறைந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் ஒன்றும் உள்ளே போகாது. எடை கூடாமல் நின்ற அந்த ஆறாவது வினாடி, கேட் உறைந்த நேரம். அதைத் தராசு வைத்துக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பொத்தானை மனம்போனபடி திருப்பிப் பார்க்கும் ஆள் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

```
实习时我负责解决盖板缩水问题。
我把保压时间从3秒逐秒加到8秒,每次称重,
发现6秒以后重量不再增加,最后定为6.5秒。
每200件中的缩水品由13件降到3件。
剩下的出现在加强筋根部,需要改模,
实习期内未能完成。
```

கடைசி இரண்டு வரிகளை நானாகச் சேர்த்திருக்கிறேன். மிச்சம் மூன்று பாகம் விலாவின் அடியில்தான் கெட்டதா, அதற்கு அச்சையே திருத்த வேண்டியிருந்ததா என்று உங்கள் குறிப்புகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். உண்மையென்றால் விட்டுவிடாதீர்கள். விலாவின் தடிமன் சுவரின் தடிமனில் ஏறத்தாழ 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் இல்லாவிட்டால், ஹோல்டிங்கை எவ்வளவு சரிசெய்தாலும் ஓரளவுக்கு மேல் தீராது. எங்கே நின்றது என்று எழுதுகிறவரைப் பார்த்தால் எங்கள் உற்பத்தி மேலாளருக்கு நம்பிக்கை வரும்.

இன்னொன்று. மூன்றிலிருந்து ஆறரைக்குப் போனதில் சைக்கிள் நேரம் எவ்வளவு கூடியது என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். ஹோல்டிங்கின்போதே பாகம் ஆறிக்கொண்டிருப்பதால், குளிர்விக்கும் நேரத்தைக் குறைத்து அதைச் சரிக்கட்டியிருக்கலாம். செய்தீர்களா?

அவரே: அதைக் குறித்துவைக்கவில்லை, அக்கா. தோராயமாக ஓர் எண் போடலாமா?

வேண்டாம். கடிதத்தில் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். நேரில் கேட்டால், "அளக்கவில்லை, இப்போது செய்தால் குளிர்விப்பு நேரத்தோடு சேர்த்துப் பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். கற்பனை எண்ணை இரண்டே கேள்வியில் பிடித்துவிடுவார்கள்.

பினாங்கு வாசகி, சீனப் பள்ளியில் படித்தவர்: எனக்குச் சீனம் தாய்மொழி அளவுக்கு வரும். பள்ளியில் நான்கு எழுத்து மரபுத்தொடர்களைச் சேர்த்தால்தான் கடிதத்துக்கு எடை என்று சொல்லித் தந்தார்கள். உங்கள் மாதிரி வெறும் வேலைக் குறிப்பு போலிருக்கிறதே?

வேலைக் குறிப்பு போலத்தான் இருக்கட்டும் என்கிறேன். தொடக்கத்தில் படிப்பவருக்கு ஒரு வரி நன்றி, முடிவில் பதிலை எதிர்பார்க்கும் ஒரு வரி. மரியாதைக்கு அது போதும். "உங்கள் நிறுவனம்" என்பதற்கான உயர்வு வடிவத்தையும், மரியாதையான "நீங்கள்" வடிவத்தையும் கடிதம் முழுக்கத் தவறாமல் காப்பாற்றினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நடுப்பத்தியில் மரபுத்தொடர் வந்தால், அங்கே ஓர் எண் காணாமல் போயிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவரே: என் அண்ணன் அப்படி எழுதித்தான் ஷென்ஜென்னில் வேலை வாங்கினார். மேலாளர் மொழியைப் பாராட்டினாராம்.

இருக்கலாம். விற்பனை, நிர்வாகப் பிரிவுகளில் எழுத்து நடைக்கு மதிப்பு உண்டு. வெளிநாட்டவர் இவ்வளவு நன்றாக எழுதுகிறாரே என்ற வியப்பும் வேலை செய்திருக்கும். உற்பத்தித் தளத்தின் பக்கம் நான் பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

கொழும்பு வாசகர்: சீனர்கள் கையெழுத்துக்கு மதிப்புக் கொடுப்பவர்கள். கடிதத்தைக் கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பினால் தனித்துத் தெரியும் என்று கேள்விப்பட்டேன். சரிதானே?

பாதி சரி. அழகிய கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, ஒரு காலத்தில் கையால் எழுதிய கடிதங்களும் வந்தன. இன்று தொழிற்சாலை மனிதவளப் பிரிவு கோப்பை அப்படியே வேறு பிரிவுக்கு அனுப்பும், அதில் சொற்களைத் தேடும். ஸ்கேன் செய்த படத்தில் தேட முடியாது. தட்டச்சு செய்து PDF ஆக அனுப்புங்கள். எழுத்துரு SimSun போன்ற சீன எழுத்துருவாக இருக்கட்டும். ஜப்பானிய எழுத்துரு வந்து உட்கார்ந்தால் சில எழுத்துகளின் கோடுகள் வேறு மாதிரி விழும். நமக்குத் தெரியாது, அவர்கள் கண்ணில் உறுத்தும்.

கவனம் வைக்க வேண்டியது கடிதத்தின் முடிவில். அங்கே இடவமைப்பே மரியாதை:

```
　　此致
敬礼!
                申请人:(姓名)
                2026年3月10日
```

முதல் சொல்லுக்கு முன் இரண்டு எழுத்து இடைவெளி. அடுத்தது புது வரியில், இடது ஓரத்தை ஒட்டி. பெயரும் தேதியும் வலப்பக்கம், தேதியில் ஆண்டு முன்னால். நம்மவர்கள் இரண்டு சொற்களையும் ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். இதற்காக யாரும் வேலையை மறுப்பதில்லை. ஆனால் கடிதத்தைச் சீனர் எவரிடமும் காட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எனக்கு HSK 4 தான். நண்பர் ஒருவர் அருமையாக எழுதித் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

திருத்தச் சொல்லுங்கள், எழுதச் சொல்லாதீர்கள். கடிதம் பிடித்தால் அடுத்து வீசாட்டில் அழைப்பு வரும், பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல். கடிதம் செய்தித்தாள் ஆசிரியர் எழுதியதுபோல் இருந்து, அழைப்பில் நீங்கள் தடுமாறினால், உங்கள் படிப்பின் மீதே சந்தேகம் விழும். சின்னச் சின்ன வாக்கியங்களில் நீங்களே எழுதுங்கள். மேலே உள்ள மாதிரியில் கடினமான வாக்கிய அமைப்பு ஒன்றுமில்லை. கடினமானவை தொழிற்சொற்கள் மட்டுமே, அவை எப்படியும் உங்களுக்கு வேண்டியவை.

கோவை, பி.இ. முடித்த பட்டதாரி: நான் சீனாவில் படிக்கவில்லை, அனுபவமும் இல்லை. இந்தக் கடிதத்தை நன்றாக எழுதினால் வாய்ப்பு உண்டா?

கடிதத்துக்கு முன் வேலை அனுமதி நிற்கிறது. வெளிநாட்டவருக்குப் பொதுவாக இளங்கலைப் பட்டமும் இரண்டு ஆண்டுத் தொடர்புள்ள அனுபவமும் கேட்பார்கள். 2017-இல் வந்த தளர்வு, சீனப் பல்கலைக்கழகங்களில் முதுகலையோ அதற்கு மேலோ முடித்து ஓராண்டுக்குள் இருப்பவர்களுக்கானது. மதிப்பெண் சராசரி 80-க்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. வெளிநாட்டின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் முதுகலை முடித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. ஷாங்காய் போன்ற சில இடங்களில் கூடுதல் சலுகைகள் உண்டு. உங்கள் நிலையில் ஊரிலேயே இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு எழுதுவதே நல்லது.

சராசரி 80-க்குக் குறையவில்லை என்றால் நாஞ்சிங் தம்பி இந்தத் தளர்வுக்குள் வருவார். ஆகவே கடிதத்தின் கடைசிப் பத்தியில் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: எப்போது பட்டம், சராசரி எவ்வளவு, எந்த மாதம் வேலைக்கு வரலாம். வெளிநாட்டவர் என்றதும் மனிதவளப் பிரிவுக்கு வரும் முதல் தயக்கம் இதுதான். ஷிப்டு வேலைக்குத் தயார் என்றால் அதையும் இங்கேயே எழுதுங்கள். தயாரில்லை என்றால் எழுதாதீர்கள், பிறகு மாற்றிப் பேச முடியாது.

ஷின்சூ, தைவான்: நானும் இதே கடிதத்தை இங்கே ஒரு சிப் தொழிற்சாலைக்கு அனுப்பப் போகிறேன். நன்றி!

நில்லுங்கள்! தைவானில் மரபு எழுத்து வடிவம், சொற்களும் சில இடங்களில் வேறு. அங்கே கடிதத்தைவிட, உங்களைப் பற்றிய ஒரு சுயவரலாற்றுக் கட்டுரையைத்தான் விண்ணப்பத்தோடு கேட்பார்கள். என் அனுபவம் அந்தப் பக்கம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தில் அங்கே வேலைக்குப் போன சீனியர்களைப் பிடியுங்கள்.

ஓசூர் வாசகி: எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கடிதத்தில் எழுதலாமா?

விளம்பரத்தில் கேட்டிருந்தால் எழுதுங்கள். கேட்காவிட்டால் எழுதவேண்டாம் என்பது என் கட்சி. எங்கள் மனிதவளப் பிரிவில் இருக்கும் தோழி இதற்கு நேர் எதிர்: ஒரு வரம்பு எழுதினால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம் என்கிறாள். நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

நாஞ்சிங் தம்பி, கடைசியாக: மின்னஞ்சல் தலைப்பில் "வேலை விண்ணப்பம்" என்று போட்டால் போதுமா, அக்கா?

அந்தத் தலைப்பில் அவர்களிடம் ஏற்கெனவே நூறு மின்னஞ்சல் கிடக்கும். வேலையின் பெயர், உங்கள் பெயர், பட்டம், வரக்கூடிய மாதம் என்ற வரிசையில் போடுங்கள். PDF கோப்புக்கும் அதே பெயர்.

```
应聘注塑工艺工程师_姓名_机械工程硕士_7月到岗
```